32 ஷீட், 14,200 காலி: டிராயிங்கை பிடிஎஃப் ஆக்கக் கொடுக்கும் முன் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் டிராயிங் கன்வெர்ட் செய்து தரும் ஒரு சேவை. பெயர் வேண்டாம். 32 ஷீட், எல்லாம் ஏ1, 1:50. `.ctb` ஃபைலையும் சேர்த்தே அனுப்பினேன். முதலில் ஒரு ஷீட் சாம்பிள் கேட்டேன். பத்தே நிமிடத்தில் வந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 1000 மி.மீ. கதவு பேப்பரில் சரியாக 20 மி.மீ. சுவர்க்கோடு தடிமனாக, ஹேட்ச் மெல்லிசாக, அப்படியே என் ஆபீஸ் பிளாட் மாதிரி. அங்கேதான் விழுந்தேன். மிச்சம் 31-ஐயும் நம்பி, வந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் பிரிண்டுக்கு அனுப்பினேன். அவர்கள் கூலியும் பிரிண்ட் செலவும் சேர்த்து 14,200.

சைட்டிலிருந்து போன்: "சார், கதவு 18.8தான் வருது."

சாம்பிளைக் கையால் செய்திருக்கிறார்கள், மற்றதை மொத்தமாக `Fit to paper` போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். ஏ1 பேப்பரின் உயரம் 594. அவர்கள் எடுத்த பேப்பர் செட்டிங்கில் மேலும் கீழும் சுமார் 18 மி.மீ. மார்ஜின். மிச்சமுள்ள 558-க்குள் முழு ஃபிரேமும் அடங்க வேண்டுமென்றால் 94 சதவீதமாகச் சுருங்கும். அதாவது டைட்டில் பிளாக்கில் 1:50 என்று எழுதியிருக்கும், உண்மையில் அது 1:53. பேஜ் சைஸைப் பார்த்தால் ஒழுங்காக 841 x 594 காட்டும். ஸ்கேல் பாரும் கூடவே சுருங்கிவிடுவதால் அதோடு ஒப்பிட்டாலும் பிடிபடாது. ரூலர் வைத்தால்தான் தெரியும்.

கோடுகள் இன்னும் மோசம். என் டிராயிங்கில் தடிமன் கலரை வைத்து `.ctb`-யில் இருக்கிறது: வெட்டுச்சுவர் 0.50, ஹேட்ச் 0.13. அதை மாட்டவே இல்லை. எல்லாம் டீஃபால்ட் 0.25-இல், கலரோடு. மஞ்சள் கோடு வெள்ளைப் பேப்பரில் கண்ணுக்கே தெரியவில்லை.

கேட்டால் முதல் பதில், "உங்க பிரிண்டர்ல 100% வைங்க." வைத்துத்தானய்யா எடுத்தேன்! அடுத்து, "உங்க ஃபைல்லதான் கோளாறு." அதே செட்டில் உள்ள சாம்பிள் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டேன். இரண்டு நாள் மௌனம். கடைசியில், "டவுன்லோட் பண்ணிட்டா பணம் திரும்பாது." 14,200!

அவசரத்துக்கு இவ்வளவுதான். சாம்பிளை நம்பாதீர்கள், கடைசி ஷீட்டைத் திறந்து அளந்து பாருங்கள். `Fit to paper` கூடாது, 1:1 லேஅவுட், `ISO full bleed A1` என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு ஷீட் அடியுங்கள். விவரமாக அப்புறம் எழுதுகிறேன், இப்போது 32-ஐயும் நானே உட்கார்ந்து பிளாட் போட வேண்டும்.