51:12 என்றால் எந்த வசனம்? எபிரேயத் திருமறையுடன் 9 வருடங்கள்

எபிரேயமும் ஆங்கிலமும் எதிரெதிரே அச்சான யூதத் திருமறை ஒன்றை 9 வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கொழும்பில் வேலை செய்யும் மகன் வாங்கி அனுப்பியது. தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மழைக்காலம் வந்தால் அலுமாரிக்குள் இருக்கும் சட்டைக்கே பூஞ்சணம் பிடிக்கும். புத்தகத்தைக் கேட்கவே வேண்டாம். மேலட்டை ஒரு பக்கம் உப்பி, ஓரங்கள் பழுப்பேறியிருந்தாலும் தையல் இன்னும் விடவில்லை. தாள் மெல்லியது, எழுத்து சிறியது, மின்சாரம் நின்றுபோன இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் எபிரேயப் புள்ளிகள் கண்ணுக்குப் பிடிபடாது. இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். என்னைப் படாத பாடு படுத்தியது சங்கீதங்களின் வசன எண்தான். அது புத்தகத்தின் குறையே அல்ல என்று விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிற்றாலயத்தில் வேதபாடம் வாசிப்பதும், லெந்து காலத்து ஜெபக்கூட்டங்களில் ஒரு சங்கீதத்தை விளக்குவதும் என் பங்கு. எபிரேயம் முறையாகப் படித்தவனல்ல. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அகராதி பார்ப்பேன், அவ்வளவுதான்.

முதல் வருடம் லெந்து காலத்தில் 51ஆம் சங்கீதத்தை எடுத்தேன். சுத்த இருதயத்தைக் கேட்கும் வசனத்தில் ‘சிருஷ்டியும்’ என்று வருகிறதே, அந்த இடத்து எபிரேய வினை ‘பாரா’. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் தேவன் வானத்தையும் பூமியையும் படைத்தார் என்னும் இடத்திலும் அதே வினைதான். எபிரேய வேதத்தில் ‘படைத்தல்’ என்ற பொருளில் அந்த வினைக்கு எழுவாயாக வருகிறவர் கடவுள் ஒருவரே. அதாவது, பழைய இருதயத்தைக் கழுவித் தரும்படி தாவீது கேட்கவில்லை. இல்லாத ஒன்றை உண்டாக்கித் தரும்படி கேட்கிறான். இதைச் சொல்ல எனக்கு அத்தனை ஆசை. புத்தகத்தைப் பார்த்து ‘51:12’ என்று துண்டுக்காகிதத்தில் குறித்துக்கொண்டு போனேன்.

கூட்டத்தில் வசனத்தை அறிவித்தேன். முன்வரிசையிலிருந்த பெண்பிள்ளை எழுந்து கணீரென்று வாசித்தாள்: “உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து…” சிருஷ்டியைக் காணோம். பிள்ளை தவறிப் படிக்கிறாள் என்று நினைத்து, “பன்னிரண்டு, பிள்ளை” என்றேன். “பன்னிரண்டுதான் ஐயா” என்று மறுபடியும் அதையே வாசித்தாள். கொழுந்து பறித்த களைப்போடு வந்திருந்தவர்கள் முன்னால் நான் பக்கம் புரட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. நான் தேடியது நம் தமிழ் வேதத்தில் 10ஆம் வசனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்து எண்ணினேன். தமிழில் அந்தச் சங்கீதத்துக்கு 19 வசனங்கள், எபிரேயத்தில் 21. கூடுதலாக இரண்டு வசனங்கள் எங்கிருந்து வந்தன? எங்கிருந்தும் வரவில்லை. ஒரு சொல்கூட அதிகமில்லை. தமிழில் எண்ணுக்கு வெளியே, மேலே தனியாக நிற்கும் தலைப்பு இருக்கிறதல்லவா, இராகத்தலைவனுக்கு ஒப்புவித்த தாவீதின் சங்கீதம், நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்தபோது பாடியது என்று? எபிரேயப் பதிப்பில் அந்தத் தலைப்பின் முதற்பாதி 1ஆம் வசனம், நாத்தான் வரும் பிற்பாதி 2ஆம் வசனம். “எனக்கு இரங்கும்” என்று பாட்டு தொடங்குவதே 3ஆம் வசனத்தில்தான்.

இதை யூதர்கள் யாரோ பின்னால் கூட்டிச் சேர்த்தார்கள் என்று எங்கள் சபையில் ஒருவர் சொன்னார். அது தலைகீழான கதை. எபிரேயத்தில் வசனங்களின் எல்லை, எண்களுக்கு வெகுகாலம் முந்தியது. மசோரெத்துகள் எனப்படும் எழுத்தறிஞர்கள், ஓதுவதற்கான இசைக்குறிகளோடு வசன முடிவையும் குறித்து வைத்தார்கள். வசனத்தின் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் நிற்கும். அதற்கு ‘சோஃப் பாசூக்’, அதாவது வசன முடிவு, என்று பெயர். ஓதுகிறவருக்குத் தலைப்பும் ஓத வேண்டிய வாசகமே. ஆகவே 51இல் தலைப்புக்குள்ளேயே இரண்டு முடிவுக்குறிகள் விழுந்தன. எண்கள் வந்தது அச்சுக்காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் பரவலாக. எபிரேய முடிவுக்குறிகளைப் பின்பற்றி எண்ணியவர்களுக்குத் தலைப்பு 1ஆம் வசனமாயிற்று. 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதத்தைப் போன்றவை தலைப்பை எண்ணில்லாமல் மேலே நிறுத்திவிட்டு, பாட்டின் முதல் வரியிலிருந்து எண்ணத் தொடங்கின. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அந்த வழியில்தான் எண்ணுகிறது.

இதை யூதர் ஒருபக்கம், கிறிஸ்தவர் மறுபக்கம் என்று பிரித்துவிடவும் முடியாது. லூத்தரின் ஜெர்மன் வேதம் தலைப்பையும் எண்ணுகிறது. அதிலும் சுத்த இருதயம் 51:12தான். கத்தோலிக்கரான என் மச்சான் ஹட்டனில் இருக்கிறார். ஒரு சாம்பல் புதனன்று அவர் வீட்டு மேசையில் பூசைக்குரிய ஆங்கில வாசகத்தாளும் தமிழ்த் தாளும் கிடந்தன. பதிலுரைப் பாடல் இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலத்தில் 51: 3-4, 5-6, 12-13, 14, 17, தமிழில் திருப்பாடல் 51: 1-2, 3-4, 10-11, 12, 15. ஒவ்வொன்றிலும் சரியாக இரண்டு குறைத்துப் பாருங்கள், பொருந்தும். “ஒரே பூசை, ஒரே பாட்டு, இரண்டு எண்களா மச்சான்?” என்று அவர் வியந்தார். அதுவரை அவர் கவனித்ததில்லை. பழைய இலத்தீன் வேதத்தை எடுத்தால் சங்கீதத்தின் எண்ணே 50 ஆகிவிடும். அது 9ஆம் 10ஆம் சங்கீதங்களை ஒன்றாக எண்ணியதால் வரும் வேறு சிக்கல், அதை இங்கே கிளற வேண்டாம்.

அப்படியானால் தலைப்புள்ள சங்கீதம் எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துவிட்டால் போதுமா? நானும் அப்படித்தான் நம்பி இரண்டாம் முறை மாட்டிக்கொண்டேன். 150 சங்கீதங்களில் 116க்குத் தலைப்பு உண்டு. ஆனால் பல தலைப்புகளுக்குப் பின்னால் வசன முடிவு இல்லை. பாட்டின் முதல் வரியோடு ஒட்டி ஒரே வசனமாகிவிடும். 23ஆம் சங்கீதம் அப்படி. ‘தாவீதின் சங்கீதம்’ என்ற இரண்டு எபிரேயச் சொற்களும் மேய்ப்பரைப் பற்றிய வரியும் சேர்ந்து 1ஆம் வசனம். அதனால் இரண்டு பதிப்புகளிலும் 6 வசனங்களே.

சிறிய தலைப்பு ஒட்டும், நீண்ட தலைப்பு தனித்து நிற்கும் என்று ஒரு விதி சொல்வார்கள். ஓரளவுக்கு மெய்தான், ஆனால் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 40ஆம் சங்கீதத்தையும் 139ஆம் சங்கீதத்தையும் எபிரேயத்தில் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே தலைப்பு, அதே மூன்று சொற்கள், அதே வரிசையில். 40இல் அந்த மூன்று சொற்களும் தனி வசனம். எபிரேயத்தில் 18, தமிழில் 17. 139இல் அவை பாட்டோடு ஒட்டிக்கொண்டன, இரண்டிலும் 24. ஆகவே தமிழ் வேதத்தின் தலைப்பைப் பார்த்து எபிரேய எண்ணை ஊகிக்க வழியில்லை. புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஒரு மழைக்கால விடுமுறை முழுவதும் உட்கார்ந்து 150ஐயும் ஒப்பிட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். 58 சங்கீதங்களில் எபிரேய எண் ஒன்று கூடுதல். நான்கில் மட்டும், 51, 52, 54, 60, இரண்டு கூடுதல். அவற்றின் தலைப்புகளில் தாவீதின் வாழ்க்கைச் சம்பவம் விரிவாக வருகிறது. 18க்கு 51, 52, 54 ஆகியவற்றைவிட நீளமான தலைப்பு இருந்தும் ஒன்றுதான் கூடுகிறது. ஆக மொத்தம் 66 எண்கள் வித்தியாசம். எபிரேயத்தில் மரபாகச் சொல்லப்படும் 2,527 வசனங்களிலிருந்து ஆங்கில வேதத்தின் 2,461ஐக் கழித்தாலும் 66தான் வருகிறது. அதைக் கழித்துப் பார்த்த இரவில் எனக்கு நல்ல தூக்கம்.

இந்த 62 சங்கீதங்களிலும் சேராத ஒன்று உண்டு, அதுதான் ஆளை விழுத்தும் இடம். 13ஆம் சங்கீதம். இரண்டிலும் 6 வசனங்கள் என்பதால் வித்தியாசமே இல்லை என்று நினைத்து நான் கொப்பியில் சரி போட்டுவிட்டேன். உண்மையில் எபிரேயத்தில் தலைப்பு 1ஆம் வசனம். “எதுவரைக்கும்” என்ற முறைப்பாடு 2இல் தொடங்குகிறது. எண் ஒன்று முன்னே போய்க்கொண்டே இருந்து, கடைசியில் கிருபையை நம்புவதும் கர்த்தரைப் பாடுவதும், தமிழில் 5 ஆகவும் 6 ஆகவும் பிரிந்திருப்பவை, எபிரேயத்தில் ஒரே 6ஆம் வசனமாக முடிகின்றன. தலையில் கூடியது வாலில் குறைந்துவிட்டது. மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. வேதவிளக்க நூலில் 13:4 என்று கண்டால் தமிழில் 3ஐப் பார்க்க வேண்டும். 13:6 என்று கண்டால் 5ஐயும் 6ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேதவிளக்க நூல்கள் எந்த எண்ணைத் தருகின்றன என்று அறிய நான் செய்வது இது. 51ஆம் சங்கீதத்துக்கான பகுதியின் கடைசி வசன எண்ணைப் பார்ப்பேன். 19 என்றால் நம் கணக்கு, 21 என்றால் எபிரேயக் கணக்கு. சில நூலாசிரியர்கள் இரண்டு எண்களையும் தந்து, ஒன்றை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். எது அடைப்புக்குள் என்பது நூலுக்கு நூல் மாறும், முன்னுரையில் சொல்லியிருப்பார்கள். முன்னுரையைத் தாண்டிப் போகிற பழக்கம் எனக்கும் இருந்தது.

கைபேசியில் ஒரு செயலியும் வைத்திருந்தேன். தமிழையும் எபிரேயத்தையும் வரிக்கு வரி காட்டும் என்றார்கள். அது எண்ணை மட்டும் பார்த்துப் பொருத்துகிறது. 22ஆம் சங்கீதத்தின் 1ஆம் வசனத்தில், தமிழில் “என் தேவனே, என் தேவனே” என்ற கதறல். எதிரே எபிரேயத்தில் ‘உதயத்துப் பெண்மான்’ என்ற தலைப்பு. எபிரேயம் தெரியாத ஒருவர் இதைக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்தால் என்ன ஆகும்? செயலியை நீக்கிவிட்டேன். புத்தகம் பூஞ்சணம் பிடித்தாலும் வரியை மாற்றிக் காட்டுவதில்லை.

ஜெபக்கூட்டத்துக்கு இப்போது எண்ணோடு வசனத்தின் முதற்சொற்களையும் சேர்த்துத் துண்டுக்காகிதத்தில் எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் லயத்துப் பாட்டி ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பாதிச் சங்கீதங்கள் மனப்பாடம். சென்ற லெந்து காலத்தில் நான் வழக்கம்போல எண்ணை அறிவிக்கத் தொடங்கியதும், “எண்ணை விடுங்கள் ஐயா, முதற்சொல்லைச் சொல்லுங்கள்” என்றாள். சொன்னேன். பிள்ளைகள் பக்கத்தைத் தேடுவதற்கு முன்பே அவள் பாதி வசனத்தை ஓதியிருந்தாள்.