லிக்விஃபையில் உதடு: இத்தனை வருஷமாகியும் தீராத எரிச்சல்

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "கல்யாணப் பொண்ணுக்கு மேலுதடு மெலிசு, இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு. லிக்விஃபைல சரி பண்ணா சிரிப்பு பொம்மை மாதிரி ஆயிடுது. நீங்க எப்படிண்ணே பண்றீங்க?"

லிக்விஃபை என்பது போட்டோஷாப்பில் படத்தைத் தள்ளி, இழுத்து வடிவம் மாற்றும் கருவி. அதில் முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி 2016இல் வந்தது. அன்றிலிருந்து ஆல்பம் வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்கு இடது, வலது என்று தனித்தனி ஸ்லைடர் இருக்கிறது. வாய்க்கு இல்லை. Upper Lip-ஐ நகர்த்தினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே தடிக்கும். கோணல் போகாது, முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். Smile இன்னும் மோசம். வாயோரம் மேலே போகும், கன்னமும் கண்ணும் அசையாது. பொம்மைச் சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் ஒரு பக்கக் கோணலுக்கு ஸ்லைடரைத் தொடுவதே இல்லை. லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டு லிக்விஃபையைத் திறப்பேன். மறுநாள் மனசு மாறினால் திரும்பப் போய்க் குறைத்துக்கொள்ளலாம். முதலில் Freeze Mask எடுத்து, பற்களையும் அவற்றைத் தொடும் உதட்டு விளிம்பையும் மூக்கின் அடியையும் பூசி மூடிவிடுவேன். இல்லாவிட்டால் உதட்டோடு பல்லும் நீளும். அப்புறம் Forward Warp. பிரஷ் அளவு உதட்டு நீளத்தில் பாதி, Pressure 15 முதல் 20. உதட்டின் சிவப்புக்குள் வைத்து வெளிப்பக்கமாக மெல்ல மூன்று நான்கு தள்ளல் போதும். பிரஷ் சின்னதாக இருந்தால் விளிம்பு அலை அலையாகிவிடும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் குறுகிவிட்டதா என்று பார்ப்பேன். குறுகியிருந்தால் தாண்டிவிட்டேன் என்று அர்த்தம்; Reconstruct எடுத்துக் கொஞ்சம் பின்வாங்குவேன். வாயோரத்தைத் தொடவே மாட்டேன்.

இதை நான் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பெண்ணுக்கு இடப்பக்கம் ஆறு பிக்சல் இறங்கியிருந்தது. ஆறையும் ஏற்றி அளவெடுத்த மாதிரி சமமாக்கினேன். ஆல்பத்தைப் பார்த்த அவள் அம்மா, "எம்பொண்ணு ஒரு பக்கமாத்தான் சிரிப்பா. இது யாரு?" என்றார். நாலு மட்டும் ஏற்றி, இரண்டை விட்டுவைத்தேன். அம்மாவுக்குத் திருப்தி. அந்த நாலையும் ஸ்லைடரால் செய்திருக்க முடியாது, கையால்தான் முடிந்தது. அந்த விதத்தில் லிக்விஃபை தங்கம்தான், மறுக்கவில்லை.

ஆனாலும் வாய்க்கு இடது வலது பிரிக்க இத்தனை வருஷம் போதாதா? உதட்டு வேலைக்கு அந்த ஸ்லைடர்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாவற்றையும் நண்பரிடம் சொன்னேன். சாயங்காலம் படம் அனுப்பினார். உதடு அருமை. ஆனால் வாயோரம் ஏதோ இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது. Smile தொட்டீர்களா என்று கேட்டேன்.

"ஒரு பத்துதாண்ணே."