ஒரே நீள மெயிலா, மெயிலும் ஷீட்டுமா? பொறுப்பு ஒப்படைப்பில் நான் பார்த்த இரண்டு வழிகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு பங்குதாரர் நிறுவனத்தில் ஆறு வருடம் ஜிஎஸ்டி வேலை பார்த்தேன். 2025 அக்டோபரில் காஸ்டிங் பக்கம் மாற்றினார்கள். அதே மாடி, பத்தடி தள்ளி மேசை. வேலையை விட்டே போகிறவர் எப்படியும் எழுதிக் கொடுத்துவிடுவார். பக்கத்து மேசைக்கு மாறுகிறவரிடம்தான் “கேட்டுக்கலாம்ணா” என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

எனக்கு முன்பு இருந்தவர் ஒப்படைத்தது ஒரே மெயில். பத்துத் திரை நீளம். மாத வேலை, ஆடிட்டர் எண், கோப்பு இருக்கும் இடம், நிலுவை எல்லாம் அதற்குள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தேதியோடு இருக்கும், பிறகு யாரும் கைவைக்க முடியாது, தேடினால் கிடைக்கும். ஆனால் ஆறே மாதத்தில் சுங்க முகவர் மாறினார், ஃபோல்டர் பெயர் மாறியது. மெயிலில் பாதி பொய்யாகிவிட்டது.

இன்னொரு வழி, நாலு வரி மெயிலும் பகிர்ந்த ஷீட்டும். மாறுகிற விவரத்துக்கு இது நல்லது. நிலுவைச் சிக்கலுக்கு ஆகாது. யாராவது ஒரு வரிசைக்குப் பச்சை வண்ணம் அடித்து ஃபில்டர் போட்டுவிட்டால், முடியாத வேலையும் கண்ணில் படாது. ஷீட்டின் பழைய பதிப்பைத் தோண்டலாம்தான், ஆனால் சந்தேகம் வந்தவர்தானே தோண்டுவார்?

அதனால் பிரித்தேன். மாறக்கூடியது ஷீட்டுக்கு, அன்றைய தேதியில் உறைந்து நிற்க வேண்டியது மெயிலுக்கு. நிலுவையை எப்படி எழுதுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. முதலில் எழுதியது இது:

> ஒரு ஷிப்பிங் பில் ரீஃபண்டு நிலுவை. ஃபாலோ பண்ணவும்.

படித்தவருக்கு எதைத் தொடுவதென்று தெரியாது. அழித்துவிட்டு எழுதியது:

> பிப்ரவரி 2025 இன்வாய்ஸ் ஒன்றின் ஐஜிஎஸ்டி ரீஃபண்டு, சுமார் 2.8 லட்சம், நிற்கிறது. சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் SB005 காட்டுகிறது, அதாவது இன்வாய்ஸ் எண் பொருந்தவில்லை. ஷிப்பிங் பில்லில் `EX/0147/24-25`, நம் ஜிஎஸ்டிஆர்-1இல் `EX/147/24-25`. தப்பு நம் பக்கம். ஜிஎஸ்டிஆர்-1இன் 9ஏ டேபிளில் திருத்த வேண்டும். 2024-25 இன்வாய்ஸைத் திருத்த நவம்பர் 30 கடைசி. ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அன்றோடு வழி அடைபடும். அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1உடன், நவம்பர் 11க்குள் போடவும். அதற்கு முன் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டாம் என்று ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம். ஆனால் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் சுங்கத்தின் கணினி அதை வேறு இன்வாய்ஸாகத்தான் பார்க்கும். மாத வேலைகளுக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 11, 20 என்ற தாக்கல் தேதிகள் புதிதாக வருகிறவருக்கும் தெரியும்.

தொடர்பு எண்களை ஷீட்டில் போட்டேன், ஒன்றைத் தவிர. ஜிஎஸ்டி போர்ட்டலில் பங்குதாரர் பெயருக்கு எதிரே பதிவாகியிருந்தது என் சொந்த மொபைல் எண். அவருக்கு அடிக்கடி போன் போட வேண்டாமே என்று எப்போதோ போட்டது. நாங்கள் ஓடிபி வைத்துத் தாக்கல் செய்கிறவர்கள், கடைசி நாளில் நான் ஊரில் இல்லாவிட்டால் தாக்கல் நின்றுவிடும். இதை எழுதிவைப்பதில் பயனில்லை, மாற்றிவிட்டுத்தான் எழுத வேண்டும். நான்-கோர் திருத்தம் என்ற பகுதியில் மாற்றலாம், அதிகாரி ஒப்புதல் வேண்டியதில்லை. பாஸ்வேர்டு மெயிலுக்கும் ஆகாது, ஷீட்டுக்கும் ஆகாது. நேரில் உட்கார்ந்து, என் இடத்துக்கு வருகிறவரையே மாற்றச் சொன்னேன்.

கோப்பு இருக்கும் இடத்தில் பழைய மெயில் என்னை ஒரு வாரம் அலையவிட்டது. அதில் இருந்தது `Z:\GST\2019-20`. முன்பு இருந்தவர் கணினியில் இருந்த Z என்பது என் கணினியில் இல்லவே இல்லை. முழு முகவரி, அதாவது `\\server\accounts\GST` என்று எழுதியிருந்தால் எந்த கணினியிலும் திறந்திருக்கும். கூகுள் டிரைவில் இந்தத் தொல்லை குறைவு. பெயர் மாற்றினாலும் லிங்க் உடையாது. ஆனால் கோப்பு யார் கணக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னுடையதில் இரண்டு ஷீட் சொந்த ஜிமெயிலில் கிடந்தன.

அனுப்பிய மெயில் ஒரு திரைக்குள் அடங்கியது. நவம்பர் 12 காலை புதியவர் என் மேசைக்கு வந்தார். “அண்ணா, 9ஏ நேத்தே போட்டாச்சு, ஐஸ்கேட்ல இன்னும் SB005தான் காட்டுது.” ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து சுங்கத்துக்குத் தகவல் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கும். அதை எழுத விட்டுவிட்டேன். ஷீட்டில் அவரே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.