மரக்கூடத்தில் புகையை யார் முதலில் பிடிப்பது?

30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஒரு பழைய வாசிப்புக் கூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 மீட்டர் உயரத்தில் செதுக்கு வேலை செய்த மர விதானம், அதற்கு மேலே யாரும் ஏறாத கூரைப் பரண். இங்கே பொருத்த மூன்று வகைப் புகை உணரிகள் போட்டியில் நிற்கின்றன.

முதலாவது, வீடுகளிலும் காணும் வட்ட உணரி. ஒன்று சுற்றிலும் 7.5 மீட்டர் வரை காக்கும் என்ற பிரிட்டிஷ் கணக்கை வைத்தால் இந்தக் கூடத்துக்கு இரண்டு வரிசையாக ஆறு போதும். விலையும் குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றையும் துடைக்கவும் சோதிக்கவும் 9 மீட்டர் உயரத்துக்குச் சாரம் கட்டியாக வேண்டும், அதனால் நாளடைவில் யாரும் ஏறுவதில்லை. செதுக்கு வேலையில் திருகு இறக்குவது இன்னொரு பாவம். சிறிய அறைகளுக்கு இதன் கம்பியில்லா வகை நல்லது. பேட்டரி மாற்றும் தேதியை ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு அகச்சிவப்புக் கதிர் வீசும் உணரி. கதிரின் இருபுறமும் 7.5 மீட்டர் என்பதால் நடுவில் ஒரே ஒரு கதிர் 12 மீட்டர் அகலத்தையும் பார்த்துக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். கதிர் மெல்ல விலகி, பழுது விளக்கு அடிக்கடி எரியும். கடைசியில் அதைப் பார்க்கும் பழக்கமே போய்விடும். மரச்சட்டத்தில் மாட்டாமல், அசையாத கல் அல்லது செங்கல் சுவர் கிடைத்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

மூன்றாவது, காற்றை உறிஞ்சும் உணரி. மெல்லிய குழாய்களைப் பரணில் ஓட்டி, விதானத்தின் இடுக்குகள் வழியாக நுண்குழாய்களைக் கீழே இறக்குவார்கள். கீழிருந்து பார்த்தால் சில மில்லிமீட்டர் துளைதான் தெரியும். அதே ஆறு இடங்களில் ஆறு துளைகள். விசிறி உறிஞ்சும் காற்றை, எளிதில் எட்டும் இடத்தில் உள்ள பெட்டியில் லேசர் சோதிக்கும். கண்ணுக்கே தெரியாத புகையிலும் முன்னெச்சரிக்கை தரும், பராமரிப்பும் தரையில் நின்றபடியே முடியும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதற்கும் நோய் உண்டு. காற்றோட்டம் குறைந்தால் தூசி துளையை அடைத்திருக்கும், கூடினால் குழாய் எங்கோ விட்டுப்போயிருக்கும். பெட்டி இரண்டையும் காட்டும். ஆண்டுதோறும் கடைசித் துளையருகே புகை காட்டி, பெட்டி எத்தனை நொடியில் உணர்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். போன ஆண்டு 50 நொடி, இந்த ஆண்டு 80 என்றால் அடைப்பைத் தேட வேண்டியதுதான். இன்னொன்று: கூரை வெயிலில் காய்ந்த நாளில், கனன்று எழும் மெதுவான புகை விதானத்துக்குக் கீழேயே சூடான காற்றில் முட்டி நின்றுவிடும். சுவரோரமாகக் குழாயை இறக்கி இடைமட்டத்திலும் சில துளைகள் வைப்பது இந்த முறையில் எளிது.

எந்த உணரியானாலும், மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் எச்சரிக்கை வந்தது. ஆனால் காவலர் தவறான பரணைப் போய்ப் பார்த்தார், தீ இருந்தது வேறு பரணில். தீயணைப்புப் படைக்குச் செய்தி போவதற்குள் சுமார் அரை மணி நேரம் கழிந்துவிட்டது. அதனால் திரையில் ‘மண்டலம் 4’ என்று வரக் கூடாது. ‘கிழக்குப் பரண், வாசிப்புக் கூடத்துக்கு மேல்’ என்று வர வேண்டும்.

சரி, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, உணரியா வயரிங்கா? நான் பரணின் பழைய வயரிங்கில் கை வைப்பேன். தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும்போது மின்னோட்டம் அதிகரிப்பதில்லை, அதனால் எம்.சி.பி. விழாது. மின்கசிவும் இல்லை, அதனால் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும். பொறியை உணர்ந்து துண்டிக்கும் தனிக் கருவி உண்டு. அதைவிட மலிவான வழி, பரணுக்குப் போகும் மின்சாரத்தையே நிரந்தரமாகத் துண்டித்துவிட்டு, வேலைக்கு ஏறுபவர் கையில் பேட்டரி எல்.இ.டி. விளக்கைக் கொடுப்பது.

கூடத்தில் மிஞ்சும் பழைய ஹாலஜன் ஸ்பாட் விளக்குகளையும் அப்போதே கழற்றிவிடலாம். 1992இல் விண்ட்சர் கோட்டையைப் பற்றவைத்தது திரைச்சீலையை ஒட்டி எரிந்த ஒரு ஸ்பாட் விளக்குதான்.