எல்.சி. போட்டு இறக்குமதி செய்கிறவர்கள் கவனத்துக்கு: என் 3.9 லட்சம் போன விதம்

இன்று காலை வங்கிக் கிளையிலிருந்து போன். "சார், ஆடிட் நடக்குது, ஒரே ஒரு கையெழுத்து." போனால், ஏப்ரல் தேதி போட்ட ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள். ஆவணங்களில் உள்ள குறைகளை ஏற்கிறேன், பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி! என்ன குறை? அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை, 80,000 டாலருக்கு சைட் எல்.சி., அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் உடனே பணம் தருவதாக என் வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் உறுதி. சரக்கைக் கப்பலில் ஏற்றக் கடைசித் தேதி மார்ச் 20. "டாக்குமென்ட் செக்கிங் எங்க வேலை சார், நீங்க கொட்டையைப் பாருங்க" என்றார் மேனேஜர். நம்பினேன்.

கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பி.எல்.லை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். மேலே வழங்கிய தேதி மார்ச் 20. கீழே ஓரமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'ஷிப்டு ஆன் போர்டு, 29 மார்ச்'. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பு யுசிபி 600. அதன்படி அந்த ஸ்டாம்ப் தேதிதான் சரக்கு ஏற்றிய தேதி. அதாவது ஒன்பது நாள் தாமதம், தெளிவான டிஸ்க்ரிபன்சி. ஆவணம் வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாளுக்குள் குறையைக் குறிப்பிட்டு மறுப்பு அனுப்பவேண்டும். விட்டால் அதைக் காட்டி வங்கி பிறகு மறுக்க முடியாது. இவர்கள் மேல்தேதியை மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் சந்தை விலை இறங்கியிருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் மறுத்து, ஐந்து சதவீதமாவது குறைத்திருப்பேன். டாலர் 85 ரூபாய் கணக்கில் 3,40,000.

மார்ஜின் கூத்து தனி. எல்.சி. தொகையில் இருபது சதவீதம், 13.6 லட்சம், பிணையாக முன்கூட்டியே வாங்கி வட்டியில்லாத கணக்கில் போட்டிருக்கிறார்கள். பில் தீரும்போது அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தானே எடுக்கணும்? முழுத்தொகையையும் என் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் பற்று வைத்துவிட்டார்கள். என் பணம் அங்கே தூங்க, அதே பணத்துக்கு நான் 11 சதவீதம் வட்டி கட்டியிருக்கிறேன், நாலு மாசம்! கிட்டத்தட்ட ஐம்பதாயிரம். ஆக மொத்தம் 3.9 லட்சம். இரண்டையும் கண்டுபிடித்தது ஆடிட்டர். மறைக்கத்தான் அந்தப் பழைய தேதிக் கடிதம்.

மேனேஜரிடம் கேட்டால், "சரக்குதான் வந்துருச்சே சார்?" எல்.சி.யில் வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கை இல்லை. இது அவருக்குத் தெரியாதா? "ஸ்க்ரூட்டினி எல்லாம் சென்ட்ரல் செல்" என்று கைகாட்டினார். அங்கே போன் போட்டால், "பிராஞ்சில் கேளுங்க." 3.9 லட்சம் சார், 3.9 லட்சம்!

கையெழுத்துப் போடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன்.

என்ன செய்யணும்னு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. பணம் போகும் முன் பி.எல். நகலைக் கேட்டு வாங்கி ஆன் போர்டு ஸ்டாம்ப் தேதியைப் பாருங்கள். மார்ஜினை லீன் போட்ட எஃப்.டி.யாக வைக்கச் சொல்லுங்கள். பில் தீர்ந்த அன்றே ஸ்டேட்மென்ட் எடுங்கள். பழைய தேதி போட்ட எதிலும் கையெழுத்து வேண்டாம்.