சீலுக்கு அடியில் இருப்பது 6ஆ, 8ஆ?

உப்புவெளி விருந்தினர் விடுதிக்காரர்கள் ஆண்டுக் கணக்குக்காகத் திருகோணமலை டவுனுக்குக் கொண்டுவரும் வங்கிக் கூற்றுகளில் வட்டமாக ஒரு ஊதா சீல் இருக்கும். அதன் மேல் நீலப் பேனாக் கையொப்பம். தாளில் எவ்வளவு வெற்றிடம் கிடந்தாலும் இரண்டும் மீதி நிரலின் மேல்தான் விழும். ஸ்கேன் எடுத்து, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் ஓசிஆரில் போட்டால் 6 என்பது 8 ஆகிவிடுகிறது.

பலரும் முதலில் தேடிப்போவது சீலை அழிக்கும் வழி. ஊதா நிறப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து நீக்கி, அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்புவது. பார்க்கத் தாள் பளிச்சென்று இருக்கும், ஆனால் எண்களுக்கு இது ஆபத்து. நிரப்பும் மென்பொருளுக்கு 8 என்றால் என்னவென்று தெரியாது. சீல் கோடு 8இன் இடப்பக்கத்தைக் கடந்துபோயிருந்தால் அந்த வளைவும் சேர்ந்து போய் 3 மிஞ்சும். அதை ஓசிஆர் சந்தேகமே இல்லாமல் 3 என்று வாசிக்கும். கறை தெரிந்தாலாவது நாம் ஒருமுறை உற்றுப் பார்ப்போம். கடிதத் தலைப்புக்கு இந்த வழி போதும், தொகைக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி எதையும் அழிப்பதில்லை, நிறத்தைப் பிரித்துப் பார்க்கிறது. கலர் ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள், 0 முதல் 255 வரை. லேசர் அச்சின் கறுப்பில் மூன்றுமே குறைவு, ஏறக்குறைய 40. ஊதா மையில் நீலம் மட்டும் 170 அளவுக்கு ஏறி நிற்கும். ஆகவே நீல அளவை மட்டும் எடுத்தால் சீல் வெளிறி, எண் கறுப்பாக நிற்கும். சீல் மை எண்ணின் மேலேயே விழுந்த இடத்திலும் கறுப்பு கறுப்புத்தான்.

நீலத்தை மட்டும் நம்பினால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சிவப்பு சீல் வந்தால் அதில் நீலம் மிகக் குறைவு என்பதால் அதுவும் கறுப்பாகிவிடும். அதனால் மூன்றில் எது பெரியதோ அதை எடுப்பதுதான் என் தேர்வு. கறுப்பைத் தவிர எந்த நிற மையானாலும் ஏதாவது ஒரு அளவு உயர்ந்திருக்கும்.

```python
import cv2
img = cv2.imread("page.png")
v = img.max(axis=2)
_, bw = cv2.threshold(v, 110, 255, cv2.THRESH_BINARY)
cv2.imwrite("page_bw.png", bw)
```

110 என்பதுதான் வெட்டு, அதைவிடக் கூடிய புள்ளி வெள்ளையாகும், மற்றது கறுப்பாகும். அது தொடக்க எண்தான். ரிப்பன் தேய்ந்த பிரிண்டரில் அடித்த பாஸ்புக்கில் எழுத்தே சாம்பலாக இருக்கும், அங்கே இதைக் கூட்டாவிட்டால் இலக்கங்கள் உடைந்துபோகும். ஸ்கேன் 300 டிபிஐ, கலர், பிஎன்ஜி அல்லது டிஃப். ஜேபெக் பெரும்பாலும் நிற விவரத்தைப் பாதியாகக் குறைத்துச் சேமிப்பதால் எழுத்தோரங்களில் ஊதா கசியும். கறுப்பு வெள்ளையில் எடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றால், சரி, இந்த வழி மூடிவிட்டது.

வாட்டர்மார்க்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அது வெளிறிய சாம்பல், மேலே உள்ள ஒரே வெட்டில் போய்விடும். இடத்துக்கு இடம் வெட்டு மாறும் முறையை மட்டும் அங்கே பயன்படுத்தாதீர்கள். எழுத்தில்லாத பகுதியில் அது வாட்டர்மார்க்கையே எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழி படத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்பது. இப்படி ஒரு கூற்று என்று வைத்துக்கொள்வோம். முந்தைய மீதி 184,250.00. எடுத்தது 37,500.00. சீலுக்கு அடியில் உள்ள மீதியை ஓசிஆர் 148,750.00 என்கிறது. அடுத்த வரியில் வைப்பு 62,800.00, மீதி 209,550.00.

முதல் வரியைக் கழித்தால் 146,750 வரவேண்டும், வாசித்தது 2,000 கூட. அடுத்த வரியில் 148,750உடன் 62,800ஐக் கூட்டினால் 211,550, அச்சில் இருப்பதோ 2,000 குறைவு. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே தொகை எதிரெதிராக இடித்தால் பிழை நடுவில் உள்ள மீதியில்தான். ஆயிரத்தின் இடத்தில் 2 வித்தியாசம், அதாவது 6ஐ 8 என்று வாசித்திருக்கிறது. எடுத்த தொகையையோ வைப்பையோ தவறாக வாசித்திருந்தால் அந்த ஒரு வரி மட்டும் இடிக்கும், அடுத்த வரி ஒழுங்காகப் போகும்.

எனக்கு இதுதான் மற்ற இரண்டையும்விட நம்பகமானது. ஆனால் ஓடும் மீதி இருந்தால்தான் நடக்கும். மீன் வியாபாரியின் கைப்பற்றுச்சீட்டில் ஒரே ஒரு தொகை, அதன் மேல் கறுப்புப் பேனாக் கையொப்பம் என்றால் நிறமும் உதவாது, கூட்டலும் உதவாது. அப்போது தொகை எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, சீட்டைக் கொடுத்தவரிடமே மூலத் தாளைக் கேட்பேன். தொகை லேசரில் அச்சானதென்றால், தாளைச் சாய்த்துப் பிடிக்கும்போது டோனர் மினுங்கும், பேனா மை பெரும்பாலும் மினுங்காது. ஸ்கேனரால் அதைப் பிடிக்க முடியாது.