ஒரே ஃபண்டின் ரெகுலரும் டைரக்டும்: ஃபேக்ட்ஷீட்டை வைத்து ஓர் ஒப்பீடு

மியூச்சுவல் ஃபண்டு ஃபேக்ட்ஷீட்டில் ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய பக்கத்தைப் பார்த்தால் ஒரு யூனிட்டின் விலையான என்ஏவி, ஃபண்டு நடத்தப் பிடிக்கும் வருடச் செலவான எக்ஸ்பென்ஸ் ரேஷியோ ஆகிய இரண்டு இடங்களில் எண்கள் ஜோடியாக இருக்கும். ஒன்று ரெகுலர், இன்னொன்று டைரக்ட். 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டு நிறுவனங்களும் இப்படி இரண்டு வழிகளையும் தருகின்றன. இரண்டுக்கும் பங்குகள் ஒன்றுதான், மேனேஜரும் ஒருவர்தான். ரெகுலரில் ஏஜென்டுக்கோ வங்கிக்கோ வருடா வருடம் கமிஷன் போகிறது, டைரக்டில் அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சேலத்துத் தம்பி ஒருவரின் கணக்கை வைத்தே சொல்கிறேன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் சொன்னார்கள் என்று, ஒரு ஃப்ளெக்ஸிகேப் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போட்டு வருகிறார். இதுவரை 30 தவணை. அவர் அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன். ரெகுலர் என்ஏவி 68.40, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 1.80 சதவீதம். டைரக்ட் என்ஏவி 76.90, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 0.80 சதவீதம்.

அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "டைரக்ட் விலை அதிகமா இருக்கே அண்ணா, யூனிட் கம்மியாதானே கிடைக்கும்?" யூனிட் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டிலும் போட்ட பணம் ஒரே பங்குகளுக்குத்தான் போகிறது, நாளைக்குப் பங்குகள் 1 சதவீதம் ஏறினால் இரண்டு என்ஏவியும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். டைரக்ட் என்ஏவி இன்று உயரத்தில் இருப்பதற்குக் காரணமே, இத்தனை வருடமாக அதிலிருந்து குறைவாகக் கழித்திருக்கிறார்கள் என்பதுதான்.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ வருடக் கடைசியில் ஒரே தடவையாக எடுக்கிற தொகை இல்லை. 1.80 சதவீதத்தை நாள் கணக்கில் பிரித்து, ஒவ்வொரு நாளும் கழித்துவிட்டுத்தான் அன்றைய என்ஏவியையே வெளியிடுகிறார்கள். அதனால் ஸ்டேட்மென்டில் கழிவு என்று ஒரு வரிகூட வராது. தம்பியின் முதலீட்டின் இன்றைய மதிப்பு 3,51,000 ரூபாய். ரெகுலரில் அதற்கு வருடச் செலவு 6,300 ரூபாய்க்குச் சற்று மேல், டைரக்டில் 2,800. இடைவெளி சுமார் 3,500. பணம் வளர வளர இதுவும் வளரும். செலவுக்கு முன் வருடம் 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டு, மாதம் 10,000 வீதம் 15 வருடம் போட்டால் ரெகுலரில் சுமார் 40.5 லட்சமும் டைரக்டில் சுமார் 44 லட்சமும் நிற்கும். 12 சதவீதம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் எவ்வளவு வந்தாலும் டைரக்ட்தான் முன்னால் இருக்கும்.

இதில் பலர் ஒரு கணக்குப் பிழை செய்கிறார்கள். ரிட்டர்ன் அட்டவணையில் இருக்கும் எண்ணிலிருந்து எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை மறுபடி கழிக்கிறார்கள். தேவையில்லை, செலவு போக வந்ததுதான் அந்த எண். பார்க்க வேண்டியது, அட்டவணை எந்தப் பிளானுக்கானது என்பதை. அது அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு ஃபண்டின் ரெகுலர் ரிட்டர்னை இன்னொரு ஃபண்டின் டைரக்ட் ரிட்டர்னோடு ஒப்பிட்டு முடிவெடுத்தால் அந்த ஒப்பீடே தப்பு. இன்னொன்று, ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும் ரேஷியோ போன மாதக் கடைசி நிலவரம். இடையில் மாறியிருந்தால் ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்தால் டைரக்டுக்கு உடனே மாறிவிடலாம் என்றுதான் தோன்றும். தம்பியும் அன்று ராத்திரியே எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பினார். அங்கேதான், சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு பற்றிய வாக்கியத்தைப் படிக்கச் சொன்னேன். அவர் ஃபண்டில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு ஸ்விட்ச் செய்வதையும் விற்று வாங்குவதாகவே கொள்கிறார்கள். ஏஜென்ட் வழியாக வந்த பணத்துக்கு இந்த ஸ்விட்சிலும் லோடு பிடிக்கும் ஃபண்டுகள் உண்டு, விட்டுக்கொடுப்பவையும் உண்டு. திட்டத் தகவல் ஆவணத்தில் அதற்கென்று தனி வாக்கியம் இருக்கும். அவர் ஃபண்டில் பிடிக்கிறார்கள்.

எஸ்ஐபியில் ஒரு வருடம் என்பது முதல் தவணையிலிருந்து எண்ணுவது இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஒரு வருடம். அவருடைய 30 தவணைகளில் பழைய 18 தவணைகள் ஒரு வருடம் தாண்டிவிட்டன, மதிப்பு 2,25,000. கடைசி 12 இன்னும் தாண்டவில்லை, போட்டது 1,20,000, மதிப்பு 1,26,000.

இந்தக் கடைசி 12 தவணைகளை இன்றே மாற்றினால் லோடு 1,260 ரூபாய் போகும். பங்கு ஃபண்டில் 12 மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரியும் உண்டு, செஸ் சேர்த்து அது ஆயிரத்தை ஒட்டி வரும். ஆக 2,200 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. காத்திருந்தால்? ரெகுலரில் இருக்கிற வரைக்கும் வருடத்துக்கு 1 சதவீதம் கூடுதல் செலவு. ஆனால் மிகப் பழைய தவணை ஒரு மாதத்தில் வருடம் தாண்டும், மிகப் புதியது 12 மாதத்தில். சராசரியாக அரை வருடம்தான் காத்திருப்பு. அந்தச் செலவு 650 ரூபாய் சுற்றளவில் முடிந்துவிடும். லோடும் 1 சதவீதம், செலவு இடைவெளியும் 1 சதவீதம் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். லோடு மொத்தத்துக்கும் ஒரே அடியாக விழுவது, செலவு நாள் கணக்கில் ஏறுவது. இந்த அளவுகளில் காத்திருப்பதே எனக்குச் சரி.

பழைய 18 தவணைகளுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். லோடு இல்லை. லாபம் 45,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகள், பங்குகள் எல்லாம் சேர்த்து ஒரு நிதியாண்டில் 1,25,000 ரூபாய் லாபம் வரை வரி கிடையாது, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். அவருக்கு வேறு விற்பனை எதுவும் இல்லை.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் பழைய எஸ்ஐபியை நிறுத்திவிட்டு டைரக்டில் புதிதாகத் தொடங்க வேண்டும். பழையது ஓடிக்கொண்டிருந்தால் மாதாமாதம் புதிதாக ஒரு வருடக் காத்திருப்பு முளைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஸ்விட்ச் படிவத்தில் எல்லா யூனிட்டும் என்பதைத் தொடாமல், வருடம் தாண்டிய யூனிட் எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். அவருக்கு அது 3,289. முதலில் வாங்கியதுதான் முதலில் விற்கும் என்பதால், எண்ணிக்கை சரியாக இருந்தால் புதிய தவணைகள் தொடப்படாது. மிச்சத்தை வருடம் தாண்டத் தாண்ட, இரண்டு மூன்று தடவையாக மாற்றினால் போதும். ஒரு வருடம் முடிகிற அன்றைக்கே அவசரப்படாமல் சில நாள் தள்ளிச் செய்வது நல்லது.

ரெகுலரிலேயே இருப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. மார்க்கெட் விழும்போது எஸ்ஐபியை நிறுத்தாமல் பிடித்துவைக்கிற, நாமினி சேர்க்கவும் கேஒய்சி சிக்கலைத் தீர்க்கவும் நேரில் வருகிற ஆள் இருந்தால் அந்தக் கமிஷன் கொடுக்கத் தகுந்தது. அது எவ்வளவு என்று ரூபாயிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் தொகை இருக்கும். தம்பி அதைத் தேடிப் பார்த்தார். வங்கியில் அவருக்கு ஃபண்டு விற்றவர் வேறு கிளைக்குப் போய்விட்டிருந்தார், அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. 3,289 யூனிட்டை அந்த வாரமே மாற்றிவிட்டார்.